மூன்று பிரான்சைஸ் ஒப்பந்தங்கள், ஒரே தாள்: கையெழுத்துக்கு முன் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

சுங்கை பட்டாணியில் எனக்குத் தெரிந்த தம்பதியர் இபிஎஃப் பணத்தைக் கொண்டு ஓர் உணவுக் கடை தொடங்க நினைத்தார்கள். சொந்தமாகப் பெயர் வைத்துத் தொடங்கினால் பழகப் பல வருடங்கள் ஆகும் என்று பிரான்சைஸ் பக்கம் போனார்கள். மூன்று நிறுவனங்களிடமிருந்து மூன்று ஒப்பந்தங்கள் வந்தன. ஒவ்வொன்றும் நாற்பது பக்கத்துக்குக் குறையாத ஆங்கிலம். "அண்ணே, எதுல முதல் கம்மியோ அதையே எடுத்துடலாம்னு இவரு சொல்றாரு" என்று அந்த அம்மா தாள்களை என் முன் வைத்தார்.

கணக்கு வேலையில் இருந்தவன் என்பதால் மூன்றையும் ஒரே தாளில் இறக்கித் தருகிறேன் என்றேன். இரண்டு இரவுகள் பிடித்தன. அந்த வேலையை எப்படிச் செய்தோம், எங்கே தடுமாறினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகைகளை முழு எண்களாக்கி இருக்கிறேன். நிறுவனங்களை அ, ஆ, இ என்றே குறிப்பிடுகிறேன்.

தொடங்குமுன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். மலேசியாவில் பிரான்சைஸ் விற்பவர், 1998ஆம் ஆண்டு பிரான்சைஸ் சட்டத்தின் கீழ் உள்நாட்டு வாணிப அமைச்சில் உள்ள பதிவதிகாரியிடம் பதிந்திருக்க வேண்டும். சிலர் இதைத் தவிர்க்கவே 'லைசென்ஸ்', 'கூட்டுமுயற்சி' என்று தாளுக்கு வேறு பெயர் வைக்கிறார்கள். பதிவு இருக்கிறதா என்பதை அமைச்சில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பதிவு இல்லாத ஒன்றை ஒப்பீட்டுத் தாளில் சேர்ப்பதே வீண் வேலை.

விளக்கப் பகுதியை முதலில் படியுங்கள்

கட்டணம் என்ற தலைப்பைத் தேடி அங்கே உள்ள எண்ணை மட்டும் எடுத்து எழுதினால் ஏமாந்து போவோம். ஒப்பந்தத்தின் முதல் சில பக்கங்களில் 'மொத்த விற்பனை', 'கடை', 'வட்டாரம்' போன்ற சொற்களுக்கு விளக்கம் கொடுத்திருப்பார்கள். கடைசிப் பக்கங்களில் இணைப்பு அட்டவணை இருக்கும். நடுவில் உள்ள விதி இவை இரண்டையும் சார்ந்துதான் பேசும். ஆகவே விளக்கம், அட்டவணை, அதன் பிறகு நடுப்பகுதி என்ற வரிசையில் படித்தேன்.

தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று விஷயங்கள் எழுதினேன்: விதி எண், அதன் சொற்கள் அப்படியே, பிறகு நம் தமிழில் அதன் பொருள். சொற்களை அப்படியே எழுதாவிட்டால் ஒரு வாரம் கழித்து 'இது அவர்கள் சொன்னதா, நாம் நினைத்ததா' என்று குழம்புவோம். ஒரு விஷயம் கிடைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் 'காணவில்லை' என்று எழுதினேன். 'கட்டணம் இல்லை' என்று ஒப்பந்தம் சொல்வது வேறு, அதைப் பற்றி ஒப்பந்தம் வாயே திறக்காமல் இருப்பது வேறு.

ஐந்து வருடத்துக்கு எவ்வளவு?

சட்டப்படி பிரான்சைஸ் காலம் ஐந்து வருடத்துக்குக் குறையக்கூடாது. அதனால் எல்லாக் கட்டணத்தையும் 60 மாதத்துக்கு ரிங்கிட்டாக மாற்றினேன். மூன்று கடைக்கும் மாத விற்பனை 25,000 ரிங்கிட் என்று ஒரே அளவாக வைத்துக்கொண்டோம்.

அ-வில் நுழைவுக் கட்டணம் 30,000. ராயல்டி 5 விழுக்காடு, விளம்பர நிதி 2 விழுக்காடு. அதாவது மாதம் 1,750 ரிங்கிட். ஐந்து வருடத்தில் நுழைவுக் கட்டணமும் சேர்த்து 135,000.

ஆ-வில் நுழைவுக் கட்டணம் 50,000. ராயல்டி விழுக்காடாக இல்லை, மாதம் 900 என்று நிலையான தொகை. விளம்பரத்துக்கு 300. ஐந்து வருடத்தில் 122,000.

இ-யில் நுழைவுக் கட்டணம் 18,000 மட்டும். ராயல்டி கிடையாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கணவர் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் எல்லா மூலப்பொருளையும் அவர்களிடமே வாங்க வேண்டும், விலையை அறிவிப்புக் கொடுத்து மாற்றலாம் என்று வேறொரு விதி இருந்தது. 25,000 விற்பனைக்கு அவர்கள் விலைப்பட்டியலின்படி 8,750 ரிங்கிட்டுக்குச் சரக்கு வாங்க வேண்டும். அதே தரமுள்ள சரக்கைச் சுங்கை பட்டாணி மொத்தக் கடைகளில் அந்த அம்மாவே விசாரித்து வந்தார். ஏறக்குறைய 7,000. வித்தியாசம் மாதம் 1,750. ராயல்டி இல்லை என்று சொன்ன கடையும் அ-வுக்குச் சமமாகவே மாதந்தோறும் எடுக்கிறது. அதோடு மூன்றாம் வருடம் கடையைப் புதுப்பிக்க வேண்டும், அட்டவணையில் அதற்கு 25,000. கூட்டினால் 148,000. மலிவாகத் தெரிந்ததுதான் மூன்றிலும் அதிகம்.

இந்த வரிசை விற்பனையோடு மாறும் என்பதையும் பார்க்க வேண்டும். விற்பனை 12,000க்கு இறங்கினால் அ-வுக்கு மாதம் 840 கட்டினால் போதும். ஆ-வுக்கு அப்போதும் 1,200தான். மாத விற்பனை 17,000ஐக் கொஞ்சம் தாண்டினால்தான் ஆ-வின் மாதக் கட்டணம் இலாபம். நல்ல மாதத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அ-விலும் ஒரு முள் இருந்தது. 'மொத்த விற்பனை' என்றால் வாடிக்கையாளர் செலுத்திய முழுத் தொகை, எந்தக் கழிவும் கிடையாது என்பது விளக்கம். மாத விற்பனையில் 8,000 உணவு விநியோகச் செயலி வழியாக வருகிறது, அந்தச் செயலி 30 விழுக்காடு எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 2,400 ரிங்கிட் நம் கைக்கு வருவதே இல்லை. ஆனாலும் அதற்கும் 7 விழுக்காடு, அதாவது மாதம் 168 ரிங்கிட் கட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் பத்தாயிரத்துக்கு மேல். இப்படிப்பட்ட இடத்தில் பேரம் பேசலாம். நாங்கள் பேசினோம், அ ஒப்புக்கொண்டு திருத்தம் எழுதித் தந்தது.

எல்லை எதுவரை?

வட்டார உரிமையை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அது தனியுரிமையாக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நம்மவர்கள் பலர் இதைச் சேர்த்தே புரிந்துகொள்கிறார்கள்.

அ, 3 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வேறு 'கடை' திறப்பதில்லை என்றது. விளக்கப் பகுதிக்குப் போனால், பேரங்காடிக்குள் உள்ள கியோஸ்க்கும் பெட்ரோல் நிலையத்தில் உள்ள கியோஸ்க்கும் 'கடை' என்ற சொல்லில் அடங்காது. பக்கத்துப் பேரங்காடியில் அவர்களே கியோஸ்க் போட்டால் கேட்க முடியாது. ஆ நேரடியாகவே பேசியது: உரிமை அந்த முகவரிக்கு மட்டும், சுற்றுவட்டாரம் என்று எதுவும் கிடையாது. இ, கோலமூடா மாவட்டம் முழுவதையும் தருவதாக எழுதியிருந்தது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 24 மாதத்துக்குள் இரண்டாவது கடை திறக்காவிட்டால் அந்தத் தனியுரிமை போய்விடும். இவர்களிடம் இரண்டாவது கடைக்குப் பணம் இல்லை. ஆகவே தாளில் 'மாவட்டம்' என்று எழுதாமல் 'இரண்டு வருடத்துக்கு மட்டும் மாவட்டம்' என்று எழுதினேன்.

விலகினால், விலக்கினால்

தக்க காரணமின்றிக் காலம் முடியுமுன் பிரான்சைஸை ரத்து செய்ய முடியாது. விதியை மீறினால் எழுத்து மூலம் அறிவித்து, சரிசெய்ய 14 நாளுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். கடையைத் தானாகக் கைவிடுவது, திரும்பத் திரும்ப விதி மீறுவது போன்ற சில நிலைகளில் மட்டும் அவகாசம் தேவையில்லை.

அ 14 நாள் கொடுத்தது. ஆனால் 12 மாதத்தில் மூன்று முறை தாமதமாகப் பணம் கட்டினாலே 'திரும்பத் திரும்ப மீறியது' ஆகிவிடும் என்ற வரி இருந்தது. ஆ 30 நாள். இ 7 நாள். சட்டத்தின் அளவுக்குக் கீழே எழுதப்பட்ட அந்த 7ஐப் பார்த்ததும் சிவப்பு மையில் வட்டமிட்டேன். சட்டத்தைத் தெரியாமல் எழுதினார்களா, நமக்குத் தெரியாது என்று நினைத்து எழுதினார்களா, தெரியவில்லை. இரண்டுமே நல்ல அறிகுறி இல்லை.

ரத்தான பிறகு என்ன ஆகும் என்பது பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருக்கும். அ-வில், மீதி மாதங்களுக்குச் சராசரி ராயல்டியைக் கட்ட வேண்டும். 30ஆம் மாதத்தில் மூடினால் மாதம் 1,250 வீதம் 37,500. ஆ-வில் 10,000 வைப்புத்தொகை போகும், அதோடு சரி. இ-யில் கடை வாடகை ஒப்பந்தமே நிறுவனத்தின் பெயரில். ரத்தானால் இடமும் போய்விடும், நாம் செலவு செய்து போட்ட தரையும் அடுப்பும் அங்கேயே நிற்கும்.

மூன்றிலும் பொதுவான ஒன்று அந்த அம்மாவைத்தான் அதிகம் யோசிக்க வைத்தது. பிரான்சைஸ் காலத்திலும் அது முடிந்த பின் இரண்டு வருடமும் அதே போன்ற தொழிலைச் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இது சட்டத்திலேயே உள்ளது. கம்பெனி தொடங்கி எடுத்தால் இயக்குநரின் கணவன் அல்லது மனைவி, நெருங்கிய குடும்பத்தார் வரை இது பாயும். அவர் தங்கை சந்தையில் பொரித்த கோழி விற்கிறார். 'அதே போன்ற தொழில்' என்பதில் அது சேருமா என்று மூன்று நிறுவனங்களையும் எழுத்தில் கேட்டோம். அ-வும் ஆ-வும் சேராது என்று எழுதின. இ-யிடமிருந்து பதில் வரவில்லை.

வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. 'இதில் எழுதியிருப்பதே முழு உடன்பாடு' என்ற விதி மூன்றிலும் இருந்தது. விற்பனையாளர் வாட்ஸ்அப்பில் சொன்ன சலுகைகளைத் தனிக் கட்டத்தில் எழுதி, எதிரே விதி எண் கேட்டோம். பாதிக்கு எண் இல்லை.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் விவர ஆவணத்தையும் கையெழுத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே தர வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் குறைந்தது 7 வேலை நாள் மனம் மாற அவகாசம் உண்டு. அதற்குள் விலகினால், ஒப்பந்தம் தயாரிக்க ஆன நியாயமான செலவைக் கழித்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'இன்றே போட்டால் தள்ளுபடி' என்பவரிடம் இந்த 10 நாளைக் கேட்டுப் பாருங்கள்.

தாளோடு அவர்கள் வழக்கறிஞரிடம் போனார்கள். ஒப்பந்தம் முழுவதையும் படிக்கச் சொல்லாமல், சிவப்பு வட்டமிட்ட ஒன்பது இடங்களை மட்டும் கேட்டதால் ஒரே சந்திப்பில் வேலை முடிந்தது. எடுத்தது ஆ. முகவரிக்கு மட்டும் உரிமை என்ற குறை அப்படியே இருக்கிறது. மூடினால் இழப்பு எவ்வளவு என்று தெரிகிறதே என்பது அவர்கள் சொன்ன காரணம். காலத்தை நீட்டிக்க வேண்டுமானால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். அந்தத் தேதியைக் கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.