மோடல் வினைகள்: ஆங்கிலத்திலும் தமிழிலும்

ஆங்கிலத்தில் இயலுமை, கடமை, அனுமதி, ஊகம் ஆகியவற்றைச் சொல்லும் துணைவினைகளுக்கு மோடல் வினைகள் என்று பெயர். கேன், குட், மே, மைட், ஷால், ஷுட், வில், வுட், மஸ்ட் ஆகிய ஒன்பதும் இவற்றில் முதன்மையானவை. இவற்றை அடுத்து வரும் வினை எந்த மாற்றமும் இல்லாத வேர் வடிவில்தான் நிற்கும். ஆகவே 'ஷீ கேன் ஸ்விம்' சரி; 'ஷீ கேன் டு ஸ்விம்', 'ஹீ மஸ்ட் வென்ட்' இரண்டும் பிழை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்தில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் பேச முயல்பவர்களிடமும் இவை போன்ற வாக்கியங்கள் எழலாம். அவற்றைக் கவனக்குறைவு என்று ஒதுக்குவது தவறு. தமிழின் அமைப்பை ஆங்கிலத்துக்குள் ஒழுங்காகக் கொண்டுபோவதால் வரும் பிழைகள் அவை.

ஓர் ஆங்கில வாக்கியத்தில், ஒரு வினைத்தொடருக்குக் காலம் காட்டும் இடம் ஒன்றுதான். அந்த இடம் தொடரின் தொடக்கத்தில் இருக்கிறது. நோம் சாம்ஸ்கி 1957-இல் வெளியிட்ட 'சின்டாக்டிக் ஸ்ட்ரக்சர்ஸ்' நூலில் இதை ஒரு சூத்திரமாகவே எழுதினார்: முதலில் காலம், அதன்பின் வேண்டுமானால் மோடல், பிறகு 'ஹேவ்', பிறகு 'பீ', கடைசியில் முதன்மை வினை. காலம் தன்னை அடுத்து நிற்கும் முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. மோடல் இருந்தால் அதுவே அந்த முதல் சொல். பின்னால் வரும் வினைக்கு ஒட்டிக்கொள்ளக் காலம் மிஞ்சுவதில்லை. 'வென்ட்' என்பது இறந்தகாலத்தை ஏற்கெனவே சுமந்த வடிவம் என்பதால் 'மஸ்ட்'டுக்குப் பின் அதற்கு இடமில்லை. 'டிட் வென்ட்' பிழையாவதும் இதே காரணத்தால்தான்.

'டு' பிழையாவதற்கும் அதே இடம்தான் காரணம். 'டு ஸ்விம்' என்னும்போது வினை காலம் இல்லாதது என்று 'டு' அறிவிக்கிறது. 'கேன் ஸ்விம்' என்னும்போது அதே இடத்தில் 'கேன்' உட்கார்ந்திருக்கிறது. இன்றைய தொடரியலார் பலர் இரண்டையும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் சொற்களாகப் பார்க்கிறார்கள். 'டு கேன்' என்று சொல்ல முடியாததற்கும் இதுவே விளக்கம்.

இந்த ஒழுங்குக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பழைய ஆங்கிலத்தில் வினையெச்சம் ஒரு விகுதியால் அமைந்தது: 'ஸ்விம்மன்' என்பதுபோல. மோடல்களின் முன்னோடிகள் அந்த விகுதி வடிவத்தையே ஏற்றன. நோக்கம் சொல்வது போன்ற இடங்களில் 'டு' சேர்ந்த தனி வடிவம் வந்தது. காலப்போக்கில் விகுதி தேய்ந்து விழுந்தபோது, மற்ற வினைகள் பலவற்றுக்குப் பின் அதன் வேலையை 'டு' எடுத்துக்கொண்டது. மோடல்களின் பின்னால் வெறும் வேர் தங்கிவிட்டது. இந்த வினைகளின் நிகழ்கால வடிவங்களில் பலவும் அதற்கும் முந்தைய ஒரு காலத்தில் இறந்தகால வடிவங்களாக இருந்தவை. அதனால்தான் 'ஷீ கேன்' என்பதில் 'எஸ்' விகுதி ஏறுவதில்லை. 'மஸ்ட்' இன்னும் ஒரு படி மேலே போனது: 'மோட்' என்ற வினையின் இறந்தகாலமே நிகழ்காலப் பொருளுக்கு நகர்ந்து 'மஸ்ட்' ஆயிற்று. இன்று அதற்குத் தனியாக ஓர் இறந்தகாலம் இல்லாமல் போனது இப்படித்தான்.

தமிழில் நிலைமை வேறு. 'அவளால் நீந்த முடியும்', 'அவளுக்கு நீந்தத் தெரியும்', 'அவள் நீந்தலாம்', 'அவள் நீந்த வேண்டும்' என்னும் வாக்கியங்களில் 'நீந்தலாம்' தவிர மற்றவற்றில் 'நீந்த' என்ற எச்சம் தனிச்சொல்லாகவே நிற்கிறது. 'நீந்த' என்றால் 'டு ஸ்விம்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்த மாணவி, 'நீந்த முடியும்' என்பதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுபோனால் 'கேன் டு ஸ்விம்' வந்தே தீரும். 'நான் நீந்த விரும்புகிறேன்' என்பதற்கு 'ஐ வான்ட் டு ஸ்விம்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியவள் அவள். ஒரே 'நீந்த' ஓரிடத்தில் 'டு' கேட்கிறது, இன்னோரிடத்தில் மறுக்கிறது என்பதற்குத் தமிழில் எந்தத் தடயமும் இல்லை.

தமிழ்த் துணைவினைகள் காலத்தையும் தாங்கும்: முடிகிறது, முடிந்தது, வேண்டியிருக்கிறது, வேண்டியிருந்தது. ஆகவே இறந்தகாலக் கடமையைச் சொல்ல நினைக்கும் மாணவர் 'மஸ்ட்'டில் இறந்தகாலத்தைத் தேடுகிறார். அங்கே கிடைக்காததால் அடுத்த வினையில் ஏற்றுகிறார். 'ஹீ மஸ்ட் வென்ட்' அப்படிப் பிறப்பது.

அதைத் திருத்துவது ஒரு சொல்லை மாற்றுவதோடு முடிவதில்லை. தாம்பரம் நிலையத்தில் நடைமேடை காலியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'ரயில் போயிருக்க வேண்டும்' என்கிறோம். இது ஊகம், ஆங்கிலத்தில் 'தி டிரெயின் மஸ்ட் ஹேவ் கான்'. அதே நடைமேடையில் பத்து நிமிடம் தாமதமாக ரயில் நின்றுகொண்டிருந்தாலும் 'இந்நேரம் போயிருக்க வேண்டும்' என்றே சொல்கிறோம். போகவில்லை என்பது இங்கே பொருள். ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ் கான்'. இனி, 'அவன் நேற்று செங்கல்பட்டு போக வேண்டியிருந்தது' என்பது நடந்து முடிந்த கடமை. அதற்கு 'ஹீ ஹேட் டு கோ' மட்டுமே பொருந்தும். 'ஹீ மஸ்ட் வென்ட்' என்று எழுதியவர் இந்த மூன்றில் எதை நினைத்தார் என்று கேட்காமல் சிவப்பு மையால் திருத்த முடியாது. 'மஸ்ட் ஹேவ் கான்' என்பதில் 'ஹேவ்' வேர் வடிவில் நிற்பதையும் கவனிக்க வேண்டும். 'மஸ்ட் ஹேஸ் கான்' மறுபடியும் பிழை. இறந்தகாலப் பொருளை அங்கே தருவது 'ஹேவ்', 'கான்' இரண்டும் சேர்ந்த கூட்டு.

ஒரு வினை மோடலா, சாதாரண வினையா என்பதை அறியக் கேள்வியாக்கிப் பார்க்கலாம். 'கேன் ஷீ ஸ்விம்?' என்று அது தானே முன்னால் நகர்ந்தால் மோடல், 'டு' வேண்டாம். 'டஸ் ஷீ வான்ட் டு ஸ்விம்?' என்று 'டஸ்' உதவிக்கு வந்தால் அது சாதாரண வினை. 'ஹேவ் டு' பொருளில் 'மஸ்ட்'டுக்கு நெருக்கமானாலும் இந்தச் சோதனையில் சாதாரண வினையாகவே நிற்கிறது. 'ஆட் டு' மட்டும் முரண்டு பிடிக்கும்: முன்னாலும் நகரும், 'டு'வையும் விடாது. 'நீட்', 'டேர்' இரண்டும் இருபுறமும் நடப்பவை.

இத்தகைய விதிகளைச் சொல்லிக்கொடுக்காமலே மாணவர் பெறுவார்களா என்று தென்சென்னையிலேயே சோதித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் சென்னை அலுவலகத்தில் பணியாற்றிய என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை நடத்திய பெங்களூர்த் திட்டத்தில் திருவான்மியூர்ப் பள்ளி ஒன்றும் இடம்பெற்றது. இலக்கணப் பயிற்சிக்குப் பதிலாக ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துக் கணக்குகளை ஆங்கிலத்தில் தீர்க்கச் செய்தார்கள். கவனம் பொருளில் இருக்கும்போது அமைப்பு தானே படியும் என்பது பிரபுவின் கருத்து. பெரெட்டாவும் டேவிஸும் நடத்திய மதிப்பீடு 1985-இல் வெளிவந்தது. பொதுவாக, அமைப்புத் தேர்வில் பழைய முறை வகுப்புகளும், பொருள்சார்ந்த தேர்வுகளில் திட்ட வகுப்புகளும் முன்னே நின்றன.

மோடலைப் பொறுத்தவரை இரண்டு முறையும் தேவை என்றே கொள்ளலாம். 'மஸ்ட்', 'ஷுட்', 'ஹேட் டு' இவற்றின் வேறுபாடு தாமதமான ரயில்போன்ற உண்மைச் சூழலில்தான் விளங்கும். 'டு' வராது என்பதை நேராகச் சொல்லிவிடுவதே எளிது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் சொற்பட்டியலில் 'நீந்த' என்பதற்கு நேரே 'டு ஸ்விம்' என்று மட்டும் எழுதாமல், 'நீந்த முடியும்', 'நீந்த விரும்பு' என்று இரண்டு தொடர்களாகவே எழுதிப்போட வேண்டும்.