'ரெஸ்யூமை வச்சுக்கிறோம்'னு எச்.ஆர். சொன்னா, அடுத்து என்ன செய்யணும்?

"இப்போ வேகன்சி இல்லை, ரெஸ்யூமை வச்சுக்கிறோம்." ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் வேலை தேடும் திருப்பத்தூர் இளைஞர்கள் இப்படி ஒரு பதிலைக் கேட்க நேரலாம். இது நிராகரிப்பும் இல்லை, வாக்குறுதியும் இல்லை.

உடனே என்ன செய்யணும்?

அன்றைக்கே அந்த மெயிலுக்குப் பதில் அனுப்புங்க. நன்றி சொல்லி, எந்த வேலைக்கு விண்ணப்பிச்சீங்கன்னு குறிப்பிட்டு, "மறுபடி எப்போ ஆள் எடுப்பீங்க?" என்று மட்டும் கேளுங்க. மாதம் சொன்னால், அதற்குச் சற்று முன்பு தொடர்பு கொள்ளலாம்.

மாதம் சொல்லலைன்னா?

ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, அதே மெயில் தொடரில் எழுதுங்க. பழைய உரையாடல் கீழேயே இருப்பதால் அவங்க தேட வேண்டியதில்லை. வெறும் "வேலை இருக்கா?" போதாது, புதிய தகவல் ஒன்று வேணும். உதாரணமாக:

"வணக்கம் சார். மார்ச்சில் குவாலிட்டி செக்கர் வேலைக்கு விண்ணப்பித்தேன். இப்போது 2 மாத தையல் பயிற்சி முடித்திருக்கிறேன். புதிய ரெஸ்யூமை இணைத்துள்ளேன். இந்தப் பிரிவில் ஆள் தேவைப்படுகிறதா?"

எப்போ நிறுத்தணும்?

இரண்டு முறை எழுதியும் பதில் இல்லைன்னா நிறுத்திடுங்க. ஆனால் அதே கம்பெனி புது விளம்பரம் கொடுத்தால், புதுசா விண்ணப்பிக்கணும். பழைய ரெஸ்யூமை அவங்களே எடுத்துப் பார்ப்பாங்கன்னு காத்திருக்காதீங்க. அதுவரை மற்ற கம்பெனிகளுக்கு விண்ணப்பிப்பதையும் நிறுத்த வேண்டாம்.