தொண்ணூறு நாள் வாக்குறுதி: முடி வளர்ப்பு விளம்பரங்கள் காலத்தைக் கடன் வாங்கும் விதம்

முடி வளர்ப்பு எண்ணெய் விளம்பரங்களைத் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்கு ஓர் எண் பழகிப்போயிருக்கும். "90 நாளில் கொட்டுவது நிற்கும், புது முடி முளைக்கும்" என்பார்கள். எண்ணெயில் சேர்ந்த மூலிகைகளின் எண்ணிக்கை விளம்பரத்துக்கு விளம்பரம் மாறும். காட்டப்படும் முகங்களும் மாறும். மூன்று மாதம் என்ற கெடு மட்டும் அநேகமாக மாறுவதில்லை. இந்த விளம்பரங்களை வெறும் பொய் என்று ஒதுக்கிவிடுவது போதாது என்பது என் கருத்து. அவற்றின் பலம் பொய்யில் இல்லை. உடல் தானாகச் செய்துகொள்ளும் ஒரு வேலையைத் தங்கள் புட்டியின் கணக்கில் எழுதிக்கொள்வதில்தான் இருக்கிறது. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகளும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கடிகாரத்தில் ஓடுகிறது. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது. பிறகு சில வாரங்களில் வளர்ச்சி அடங்கி, ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்து உதிர்கிறது. அதே வேரிலிருந்து அடுத்த முடி கிளம்புகிறது. நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி வரை உதிர்வது இயல்பு என்று சொல்வது இந்தக் கணக்கால்தான். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீரென்று உடல் இளைப்பது போன்ற அதிர்ச்சி நேரும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பகுதி ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகிறது. அவை உடனே விழுவதில்லை, இரண்டு மூன்று மாதம் கழித்தே விழுகின்றன. தோல் மருத்துவர்கள் இதை டெலோஜென் எஃப்ளுவியம் என்பார்கள். இதில் வேர் சேதமாவதில்லை. காரணம் விலகிவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் உதிர்வு தானே அடங்கிவிடுகிறது.

இதை ஒரு நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு ஜனவரியில் குழந்தை பிறக்கிறது. ஏப்ரலில் சீப்பு நிறைய முடி வருகிறது, குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்கிறது. பிரசவம் முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டதால் அதற்கும் இதற்கும் தொடர்பிருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. குளிக்கும் தண்ணீர் மீதும் ஷாம்பு மீதும் சந்தேகம் விழுகிறது. மே மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட, மூன்று புட்டி வரவழைக்கிறார். ஆகஸ்டில் உதிர்வு நின்றுவிடுகிறது. நெற்றி ஓரத்தில் குட்டையான புது முடிகள் குத்திட்டு நிற்கின்றன. மகிழ்ச்சியோடு படமெடுத்து விற்பனையாளருக்கு அனுப்புகிறார். அந்தப் படம் அடுத்த விளம்பரமாகிறது.

இந்தக் கதையில் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் சொல்வது உண்மை, படமும் உண்மை. தவறு, ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை ஒன்றால் மற்றொன்று நடந்ததாகக் கொண்டதில் இருக்கிறது. கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் எண்ணெய் தேடுவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் வரும். புழுவெட்டு எனப்படும் வட்டச் சொட்டையிலும் இப்படித்தான். சிறிய ஓரிரு வட்டங்கள் மட்டும் உள்ள பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானாகத் திரும்பிவிடும். ஆகவே எந்தச் சான்றுப் படத்தைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இவருக்கு இருந்தது எந்த வகை முடி உதிர்வு என்பது. இந்த எண்ணெயைத் தொடாமல் இருந்தவர்களுக்கு அதே காலத்தில் என்ன ஆயிற்று என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், ஆயிரம் படங்கள் சேர்ந்தாலும் சான்று ஆகாது.

பரம்பரை வழுக்கையில் காலம் எதிர்த் திசையில் ஓடுகிறது. அங்கே ஆண்மைச் சுரப்பின் தாக்கத்தால் முடி வேர் சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டே போகிறது. நன்றாக ஆராயப்பட்ட மருந்துகள் இங்கே எவ்வளவு சாதிக்கின்றன என்பதே விளம்பரங்களை அளக்கும் அளவுகோல். ஃபினாஸ்டிரைடு மாத்திரை ஆண்களிடம் சோதிக்கப்பட்டபோது, உச்சந்தலையில் ஓர் அங்குல விட்டமுள்ள வட்டத்துக்குள் முடிகளை எண்ணினார்கள். தொடக்கத்தில் சராசரி 876 இருந்தது. ஓராண்டு முடிவில் மருந்து உண்டவர்களுக்கும் மருந்தற்ற மாத்திரை உண்டவர்களுக்கும் இடையிலான வித்தியாசம் 107. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. ஓராண்டு தினமும் உண்டு கிடைத்த பலன் இது. மருந்தை நிறுத்தினால் அதுவும் மெல்லப் போய்விடும். மொட்டைத் தலையை மூன்று மாதத்தில் மூடுகிறேன் என்பவரிடம் 'எந்த வட்டத்தில் எண்ணினீர்கள், எத்தனை பேரிடம், நிறுத்தினால் என்ன ஆகும்?' என்று கேட்டால், பதில் பேச்சு பெரும்பாலும் மூலிகையின் பெருமைக்குத் தாவும். அந்தத் தாவலே ஒரு பதில்தான்.

அப்படியானால் எண்ணெயால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அந்தப் பயன் வேரில் இல்லை, தண்டில். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போதும் சீவும்போதும் புரதம் இழப்பதைக் குறைக்கிறது என்றும், கனிம எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்றும் இந்திய ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. எண்ணெய் வைத்த முடி குறைவாக உடையும். நம் பாட்டிமார் கண்டது சரி. விளம்பரம் செய்வது, 'உடைவது குறையும்' என்ற உண்மையை 'உதிர்வது நிற்கும்' என்று மொழிபெயர்ப்பது. ஷாம்பு விளம்பரங்களில் பெரிய சதவீதத்தின் மேல் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். திரையின் அடியில், கண் இடுக்கிப் பார்த்தாலும் தெரியாத எழுத்தில், 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு மட்டும்' என்ற பொருளில் ஒரு வரி ஓடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விழுந்த முடியை ஒரு கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். நுனியில் வெள்ளையாகக் கடுகினும் சிறிய குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டு என்றால் உடைந்தது. முதலாவதற்கு எண்ணெய் மருந்தாகாது.

'ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது' என்ற சொல்லையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். ரோஸ்மேரி எண்ணெய், வழுக்கைக்குத் தடவும் மினாக்ஸிடில் மருந்துக்கு நிகரானது என்ற கூற்றுக்கு அடிப்படை 2015இல் ஈரானில் வந்த ஓர் ஆய்வு. பரம்பரை வழுக்கை உள்ள நூறு பேரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ரோஸ்மேரி திரவமும் மறு பாதிக்கு 2 சதவீத மினாக்ஸிடிலும் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் எந்தப் பிரிவிலும் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. ஆறாம் மாதத்தில் ரோஸ்மேரி பிரிவின் சராசரி எண்ணிக்கை சுமார் 123இலிருந்து 130 ஆயிற்று, மற்றதில் 138இலிருந்து 141. 'நிகரானது' என்ற சொல் உண்மைதான். ஆனால் நிகராக இருந்தது இவ்வளவு சிறிய ஏற்றத்தில். மருந்தே தடவாத மூன்றாம் பிரிவு ஒன்று இல்லாததால், அந்த ஏற்றம் திரவத்தால் வந்ததா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த ஆய்வைக் காட்டி 90 நாள் வாக்குறுதி தருபவர், மூன்றாம் மாத முடிவை மறைக்கிறார் என்று தயங்காமல் சொல்லலாம்.

அடுத்த கேள்வியைப் புட்டியிடமே கேட்கலாம். 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஜே' என்றொரு அட்டவணை இருக்கிறது. எந்தெந்த நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ ஒரு மருந்து உரிமை கொண்டாடக்கூடாது என்ற பட்டியல் அது. வழுக்கையும் புது முடி வளர்வதும் அதில் உண்டு. பல எண்ணெய்கள் அழகுப் பொருள் என்ற உரிமத்தில் வருகின்றன. சட்டத்தின் கண்ணில் அழகுப் பொருள் என்பது சுத்தப்படுத்தவும் அழகுபடுத்தவும் தோற்றத்தை மாற்றவும்தான். ஆக, விளம்பரம் மருந்தாகப் பேசுகிறது, லேபிள் அழகுப் பொருளாக ஒடுங்கிக்கொள்கிறது. விளம்பரத்தில் உள்ள வாசகம் அப்படியே லேபிளில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆயுர்வேத உரிம எண் இருந்தாலும் அது தயாரிக்க அனுமதி மட்டுமே. முடி வளரும் என்பதற்கு அரசு தந்த சாட்சி ஆகாது.

எண்ணெயை விட்டு முடி நடும் கிளினிக்குகளுக்குப் போனால், அங்கே ஆபத்து பணத்தோடு நிற்பதில்லை. 2016இல் சென்னையில் முடி நடும் சிகிச்சைக்குச் சென்ற ஒரு மருத்துவ மாணவர் உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களே இதைச் செய்யலாம் என்றும், பயிலரங்கில் பார்த்தோ யூடியூப்பில் பார்த்தோ கற்றது போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. எனவே முன்பணம் கட்டும் முன், என் தலையைப் பார்த்து நோயின் பெயரை எழுதித் தரப்போவது யார், அறுவை செய்யும் மருத்துவரின் பதிவு எண் என்ன, மயக்க மருந்தைக் கவனிப்பவர் யார் என்று கேட்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயரில் எதிரே அமர்ந்திருப்பவர் விற்பனையாளராக இருந்தால் இந்தக் கேள்விகளிலேயே தெரிந்துவிடும். இன்னொன்றும் முக்கியம். நடப்படும் முடி புதிதாகப் பிறப்பதில்லை. பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் வைக்கிறார்கள். எடுத்த இடத்தில் அது திரும்ப முளைக்காது. பின்தலையின் இருப்பு எவ்வளவு, பத்தாண்டு கழித்து வழுக்கை மேலும் பரவினால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்று கணக்குச் சொல்லாத இடத்தில் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

கேட்டவர் தோற்றதில்லை என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. கேரளத்தின் திருச்சூரில் ஒருவர் 2012இல் கூந்தல் க்ரீம் ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி, விளம்பரம் சொன்னபடி முடி வளரவில்லை என்று மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் நடித்த திரைப்பட நடிகர், தான் அந்தப் பொருளைப் பயன்படுத்தியதில்லை, தாய் காய்ச்சித் தரும் எண்ணெயைத்தான் வைக்கிறேன் என்று அங்கே ஒப்புக்கொண்டார். தயாரித்த நிறுவனமும் நடிகரும் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய் தர வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பிடித்தன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரையும் தண்டம் விதிக்கலாம். விளம்பரத்தில் தோன்றுபவரும் இதற்குப் பொறுப்பு. புகாருக்கு 1915 என்ற எண் போதும். ரசீதையும் லேபிளையும் தேதியோடு எடுத்த விளம்பரப் படத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.