வசந்தவல்லியின் தூது

"ஞாயிற்றுக்கிழமை அருவிக்குப் போகலாமா?" என்று ஒரு பையன் ஒரு பெண்ணைக் கேட்கிறான். நண்பர்கள் கூட்டத்தோடா, அவள் ஒருத்தியை மட்டுமா? அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டால் விஷயம் கனத்துப் போய்விடும் என்று இருவருக்கும் பயம். இந்தச் சங்கடம் குற்றாலத்துக்குப் புதிதல்ல.

தென்காசியை அடுத்த மேலகரத்தில் திரிகூடராசப்பக் கவிராயர் என்று ஒருவர் இருந்தார். 1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விஜயரங்க சொக்கநாத நாயக்கர், அவருடைய குற்றாலக் குறவஞ்சிக்காக நிலம் மானியம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர்.

அதன் கதாநாயகி வசந்தவல்லி. பந்தாடிக்கொண்டிருந்தவள் குற்றாலநாதரின் பவனியைப் பார்க்கிறாள், மனசைப் பறிகொடுக்கிறாள். ஆனால் பவனி என்பது ஊருக்கெல்லாம் பொது. தெருவில் நின்ற அத்தனை பெண்களுக்கும் அதே தரிசனந்தான். அதைத் தனக்கென்று வந்த அழைப்பாக எப்படி எடுத்துக்கொள்வது? தோழியைத் தூது அனுப்புகிறாள். அவள் சொல்லி அனுப்பும் செய்தியைப் பாருங்கள். வருவதானால் இப்போதே வரட்டும். வராவிட்டால் மாலையையாவது தரட்டும். அதுவும் இல்லையென்றால் என் நெஞ்சையாவது திருப்பித் தரட்டும்!

'நேரம் கிடைத்தால் வாருங்கள்' என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் வந்தாலும் அர்த்தம் தெரியாது, வராவிட்டாலும் தெரியாது. 'இப்போதே' என்ற ஒரு சொல்லில் சந்தேகம் போய்விடுகிறது. அடுத்து மாலை. தூது இலக்கியங்களில் தலைவனின் மாலையை வாங்கி வருவது பழைய வழக்கம். கூட்டத்தைப் பார்த்து யாரும் புன்னகை செய்யலாம். கழுத்து மாலையைக் கழற்றி ஒருத்திக்குக் கொடுத்தால் அது அவளுக்குத்தான். வர முடியாதவருக்கும் பதில் சொல்ல அதில் ஒரு சின்ன வழி இருக்கிறது. மூன்றாவது கோரிக்கை வேடிக்கை. கேட்பவர் சிரித்துக்கொண்டே மறுத்துவிடலாம். கவிராயர் பெண் மனசை நன்றாக அறிந்தவர் என்றுதான் நான் சொல்லுவேன்.

சங்க காலத்துக் காதலர்கள் இதில் ஏமாந்ததுண்டு. இரவில் வரும் தலைவன் வாய்விட்டு அழைக்க மாட்டான். மரத்துப் பறவைகளைக் கலைத்தோ வேறு ஓசை எழுப்பியோ தன் வரவை உணர்த்துவான். காற்றில் ஒரு காய் தானாக விழும், பறவை தானாகக் கூவும். அவள் எழுந்து போய் யாரையும் காணாமல் திரும்புவாள். 'அல்லகுறி' என்று இதற்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. எதற்கும் நேரக்கூடிய ஓசையை அடையாளமாக வைத்துக்கொண்டதால் வந்த வினை. மாலை அப்படித் தானாக வந்து விழாது.

வசந்தவல்லிக்கு மாலை வந்ததா? கவிராயர் அதற்குள் குறத்தியைக் கொண்டு வந்துவிடுகிறார். அவள் கையைப் பார்த்து, காதலனின் ஊரையும் பேரையும் தானே சொல்லிவிட்டு, பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள்.