டாஷ்போர்டு: நிலைக்கோப்பா, நேரடி வினவலா?

சிறு குழுவின் டாஷ்போர்டுக்குத் தரவு தர இரு வழிகள் உண்டு. ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒரு கோப்பைப் புதிதாக எழுதி வைக்கலாம். அல்லது பக்கம் திறக்கும்போதெல்லாம் தரவுத்தளத்தையே கேட்கலாம். மூலத் தரவு எவ்வளவு அடிக்கடி மாறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். விற்பனைக் கணக்கு இரவு 2 மணிக்கு ஒருமுறைதான் வந்து சேர்கிறது என்றால், நேரடி வினவல் பகல் முழுக்க ஒரே விடையைத்தான் திரும்பத் திரும்பக் கணக்கிடும். அங்கே கோப்பே போதும். சர்வர் பராமரிப்பும் மிச்சம்.

கோப்பு முறையின் ஆபத்து, அது சத்தமில்லாமல் பழசாகிவிடுவது. இரவு வேலை தோற்றாலும் நேற்றைய எண்கள் அழகாகவே தெரியும். ஆகவே பக்கத்தில் காட்டும் நேரம், பக்கம் திறந்த நேரமாக இல்லாமல் தரவின் கடைசிப் பதிவுக்குரிய நேரமாக இருக்க வேண்டும். பாதி எழுதிய கோப்பு வாசகர் கண்ணில் படாமலிருக்க, தற்காலிகப் பெயரில் எழுதி, வெற்றி பெற்றால் மட்டும் பெயர் மாற்றுவது வழக்கம்:

```
python build.py > data.tmp && mv data.tmp data.json
```

இரண்டும் ஒரே கோப்பு முறைமையில் இருந்தால் இந்த மாற்றம் ஒரே வீச்சில் நடந்துவிடும்.

கையிருப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறி, அதைப் பார்த்து உடனே முடிவெடுப்பவர் இருந்தாலோ, பயனர் தாமே தேதியையும் கிளையையும் தேர்ந்து பார்க்க வேண்டியிருந்தாலோ நேரடி வினவல் தேவைப்படும். அப்போதும் முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடாமல், படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கில் நகல் தளத்தைக் கேட்பதே நல்லது.