பேங்க் மதிப்பீட்டு அறிக்கை: கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் படிப்பது எப்படி?

வீட்டுக் கடன் பல மாதங்களாகக் கட்டப்படவில்லை. வங்கி நடவடிக்கையைத் தொடங்கிவிட்டது. வழக்கறிஞர் அனுப்பிய ஆவணக் கட்டுக்குள் ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை இருக்கிறது. அம்மா, அப்பா அதை உங்களிடம் நீட்டி, "எவ்வளவு போட்டிருக்கான்னு பாரு" என்கிறார்கள்.

பெரும்பாலோர் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். அங்கே இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று சந்தை மதிப்பு. மற்றொன்று அவசர விற்பனை மதிப்பு. சில அறிக்கைகள் இரண்டாவதை 'டிஸ்ட்ரெஸ் வேல்யூ' என்றும், சில 'ஃபோர்ஸ்ட் சேல் வேல்யூ' என்றும் குறிப்பிடும்.

அந்த இரண்டு தொகைகளும் முன் பக்கங்களில் உள்ள விவரங்களிலிருந்தே கணக்கிடப்பட்டவை. அங்கே ஒரு பிழை இருந்தால் அது கடைசிப் பக்கம்வரை தொடரும். அதனால் அறிக்கையை முன்பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பதுதான் சரி.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டு. இது விளக்கத்துக்காக உருவாக்கப்பட்ட கணக்கு. பூச்சோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. கணவர் காலமாகிவிட்டார். வங்கிக்கு இன்னும் 295,000 ரிங்கிட் பாக்கி. மதிப்பீட்டாளரின் அறிக்கை சந்தை மதிப்பை 323,000 ரிங்கிட் என்கிறது. அவசர விற்பனை மதிப்பு 258,400 ரிங்கிட்.

பரப்பளவு: எந்த எண் சரியானது?

அடுக்குமாடி வீட்டின் பரப்பளவுக்கு அடிப்படை ஆவணம் ஸ்ட்ராட்டா பட்டா. மேம்பாட்டாளரின் விளம்பரத் தாளோ, இணைய விளம்பரமோ அல்ல. பட்டாவில் பரப்பளவு சதுர மீட்டரில் இருக்கும். அதை 10.764ஆல் பெருக்கினால் சதுர அடி கிடைக்கும்.

நம் எடுத்துக்காட்டில் அறிக்கை 79 சதுர மீட்டர் என்கிறது. அது சுமார் 850 சதுர அடி. ஆனால் பட்டாவில் இருப்பது 88 சதுர மீட்டர், அதாவது சுமார் 947 சதுர அடி. எப்படி மாறியது? அந்தக் கட்டடத்தில் இரண்டு அளவு வீடுகள் இருக்கின்றன. அறிக்கையில் சிறிய வீட்டின் அளவு ஏறிவிட்டது.

97 சதுர அடிதானே என்று நினைக்கலாம். மதிப்பீட்டாளர் ஒரு சதுர அடிக்கு 380 ரிங்கிட் என்று எடுத்திருக்கிறார். 850ஐ 380ஆல் பெருக்கினால் 323,000. 947ஐ அதே விலையால் பெருக்கினால் 359,860. கிட்டத்தட்ட 37,000 ரிங்கிட் வித்தியாசம், வேறு எதையும் மாற்றாமலேயே.

இன்னொன்றையும் கவனியுங்கள். கார் நிறுத்துமிடம் பெரும்பாலும் பட்டாவில் 'துணைப் பகுதி' என்று தனியாகக் காட்டப்பட்டிருக்கும். ஸ்ட்ராட்டா பட்டா சட்டத்தின்படி அதை வீட்டிலிருந்து பிரித்துத் தனியாக விற்க முடியாது. ஆனால் அதன் பரப்பளவை வீட்டின் பரப்பளவோடு சேர்த்து, ஒரே சதுர அடி விலையால் பெருக்கவும் கூடாது. அப்படிச் சேர்த்திருந்தால் மதிப்பு போலியாக ஏறியிருக்கும். அறிக்கையில் கார் நிறுத்துமிடமே குறிப்பிடப்படவில்லை என்றால், வீட்டோடு வரும் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

நீங்களே டேப் வைத்து அளந்து பார்த்தால் எண் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். உள்ளே அளக்கும்போது சுவரின் கனம் சேராது. அந்தச் சிறிய வித்தியாசத்தைப் பிழை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டைப் பட்டாவோடு ஒப்பிடுவதைவிட, அறிக்கையைப் பட்டாவோடு ஒப்பிடுவதே இங்கே வேலை.

வீடு யார் பேர்ல இருக்கு?

மதிப்பீட்டாளர் உரிமையாளரை முடிவு செய்பவர் அல்ல. நில அலுவலகத் தேடலில் என்ன தெரிந்ததோ அதை எழுதுகிறார். எனவே முதலில் பார்க்க வேண்டியது தேடல் செய்யப்பட்ட தேதி. பழைய தேடல் என்றால், அதற்குப் பிறகு பதிவான காவெட் போன்றவை அறிக்கையில் இருக்காது. நீங்களே நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் புதிய தேடல் எடுத்து ஒப்பிடலாம்.

அடுத்து பெயரும் அடையாள அட்டை எண்ணும். நம் பெயர்களில் இது அடிக்கடி சிக்கலாகும். சுப்பிரமணியம் என்ற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் நாலைந்து விதமாக எழுதுகிறோம். பழைய பட்டாக்களில் பழைய அடையாள அட்டை எண் இருக்கும். எழுத்து மட்டும் மாறி எண் ஒத்துப்போனால் பெரும்பாலும் தட்டச்சுப் பிழைதான். எண்ணும் மாறியிருந்தால் விசாரிக்க வேண்டும்.

பங்கு விவரத்தையும் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் பட்டா கணவனுக்குப் பாதி, மனைவிக்குப் பாதி என்கிறது. அறிக்கையோ மனைவியின் பெயரை மட்டும் சொல்கிறது. இதனால் சந்தை மதிப்பு மாறாது. ஆனால் கணவரின் பாதி இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பங்குக்கு யார் சட்டப்படி பொறுப்பு, நோட்டீஸ் யாருக்குப் போக வேண்டும் என்ற கேள்விகள் எழும். இதை வழக்கறிஞரிடம் உடனே சொல்ல வேண்டும். அதோடு, கடன் எடுத்தபோது கணவர் பெயரில் வீட்டுக் கடன் காப்புறுதி எடுக்கப்பட்டதா என்றும் தேடுங்கள். இருந்தால், பாக்கித் தொகையே குறையக்கூடும்.

பட்டாவில் மேம்பாட்டாளரின் பெயர் இருந்தால் பதற வேண்டாம். தனி ஸ்ட்ராட்டா பட்டா இன்னும் வெளியாகவில்லை என்றால் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் வீடு வாங்கியவரின் உரிமை விற்பனை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. அறிக்கை இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் ஏலம் நடக்கும் வழியே இதனால் மாறும்.

குத்தகை நிலமா, நிரந்தர நிலமா என்பதும் இதே பகுதியில் இருக்கும். 99 ஆண்டுக் குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதைப் பட்டாவில் உள்ள முடிவுத் தேதியோடு சரிபாருங்கள்.

சந்தை மதிப்பு: எதோடு ஒப்பிட்டார்கள்?

சந்தை மதிப்பு என்பது கட்டாயமில்லாத விற்பனையின் விலை. வாங்குபவருக்கும் விருப்பம், விற்பவருக்கும் விருப்பம், இருவரும் விவரம் தெரிந்தவர்கள், வீட்டைச் சந்தையில் வைக்கப் போதிய அவகாசமும் இருந்தது என்று வைத்துக்கொண்டு கணிக்கப்படுவது.

அடுக்குமாடி வீட்டுக்கு இதை ஒப்பீட்டு முறையில்தான் கணிப்பார்கள். அதே கட்டடத்தில் அல்லது பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளின் அட்டவணை அறிக்கையில் இருக்கும். அந்த அட்டவணையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

முதலில், எப்போது விற்றது? மூன்று வருடத்துக்கு முந்தைய விற்பனை என்றால், அந்த இடைவெளிக்கு என்ன சரிக்கட்டல் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, அதே மாதிரி வீடா? மாடி, அளவு, புதுப்பிப்பு, கார் நிறுத்துமிடம் எல்லாம் விலையை மாற்றும்.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. அந்த விற்பனை சாதாரண விற்பனையா, ஏலமா? ஏலத்தில் போன வீட்டின் விலையை அப்படியே சந்தை விலையாக எடுத்தால், சந்தை மதிப்பு கீழே இழுக்கப்படும். பிறகு அதிலிருந்து அவசர விற்பனைக்காக இன்னொரு முறை கழிப்பார்கள். ஒரே காரணத்துக்கு இரண்டு தடவை குறைத்ததாகிவிடும்.

நம் பக்கமும் ஒரு தவறு நடக்கும். "ஆன்லைன்ல இதே வீட்டுக்கு 420,000 கேக்குறாங்களே" என்று சொல்வோம். அது கேட்கும் விலை. உண்மையில் விற்ற விலை அல்ல. மதிப்பீட்டுத் துறையிடம் பதிவான விற்பனை விலைகளே வலுவான ஆதாரம்.

அவசர விற்பனை மதிப்பு: இது ஏல விலையா?

இல்லை. குறுகிய காலத்துக்குள் விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால் எவ்வளவு கிடைக்கலாம் என்ற கணிப்புதான் இது. பல அறிக்கைகளில் இது தனி ஆய்விலிருந்து வருவதில்லை. சந்தை மதிப்பிலிருந்து ஒரு விகிதத்தைக் கழித்தால் கிடைக்கும் எண் அது. நம் எடுத்துக்காட்டில் 20 விழுக்காடு கழிக்கப்பட்டிருக்கிறது. வங்கி தன் இழப்பு அபாயத்தைக் கணக்கிட இதைப் பயன்படுத்தும்.

தீபகற்ப மலேசியாவில், பட்டாவில் வங்கியின் அடமானம் பதிவாகியிருந்தால், பட்டாவின் வகையைப் பொறுத்து, உயர் நீதிமன்றத்தின் அல்லது நில நிர்வாகியின் உத்தரவோடு ஏலம் நடக்கும். தேசிய நிலச் சட்டத்தின்படி அதன் அடிப்படை விலை, கணிக்கப்பட்ட சந்தை மதிப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். அதாவது முதல் ஏலம் தொடங்குவது அவசர விற்பனை மதிப்பில் அல்ல. யாரும் கேட்காவிட்டால் அடுத்த ஏலத்தில் அடிப்படை விலை வழக்கமாக 10 விழுக்காடு குறைக்கப்படும்.

இப்போது அந்த 97 சதுர அடிக்குத் திரும்புவோம். தவறான அளவின்படி முதல் ஏலம் 323,000இல் தொடங்கும். ஆள் வரவில்லை என்றால் அடுத்தது 290,700. பாக்கியோ 295,000. இரண்டாவது ஏலத்திலேயே அடிப்படை விலை கடனுக்குக் கீழே போய்விட்டது. வீடு அந்த விலைக்கே போனால், அது கைவிட்டுப்போன பிறகும் மிச்சக் கடன் குடும்பத்தைத் துரத்தும். செலவுகள் வேறு சேரும்.

சரியான அளவின்படி தொடக்கம் சுமார் 360,000. அடுத்தது 324,000. அந்த விலைக்குப் போனாலும் கடன் அடைந்து, செலவு போக ஓரளவு மிஞ்ச வாய்ப்பிருக்கிறது.

பிழை இருந்தால் என்ன செய்வது?

மதிப்பீட்டாளரை நியமித்தது வங்கி. எனவே எழுத வேண்டியதும் வங்கிக்கும் அதன் வழக்கறிஞருக்கும்தான். "எங்க வீடு இன்னும் அதிகம் போகும்" என்று எழுதினால் பலன் இருக்காது. எந்தப் பக்கம், எந்த வரி, அறிக்கை என்ன சொல்கிறது, பட்டா என்ன சொல்கிறது என்று எழுதி, பட்டாவின் நகலையும் புதிய தேடலையும் இணையுங்கள். திருத்திய அறிக்கை வேண்டும் என்று கேளுங்கள்.

வங்கி மறுத்தால், நீங்களே பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரிடம் தனி அறிக்கை வாங்கி வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் அல்லது நில நிர்வாகியிடம் வைக்கலாம். இதை அடிப்படை விலை நிர்ணயிக்கப்படும் முன்பே செய்ய வேண்டும். ஏலத் தேதி விளம்பரமான பிறகு போனால் வாதம் மிகவும் கடினமாகும்.

திருத்தம் எப்போதும் மதிப்பைக் கூட்டும் என்றும் இல்லை. கார் நிறுத்துமிடத்தைத் தவறாகச் சேர்த்திருந்தால், சரி செய்யும்போது எண் இறங்கும். அதுவும் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது. ஏலத்துக்கு விடாமல் நாமே விற்று அடைத்துவிடலாமா என்ற கணக்கைப் போட, உண்மையான சந்தை மதிப்பு தேவை. கடனை மறுசீரமைக்க முடியுமா என்று கேட்க ஏகேபிகே எனப்படும் கடன் ஆலோசனை, நிர்வாக நிறுவனத்தை அணுகலாம். அங்கே ஆலோசனை இலவசம். வங்கி சட்ட நடவடிக்கையில் வெகுதூரம் போவதற்கு முன்பே போனால்தான் வழிகள் அதிகம் இருக்கும்.