ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கணக்கு

அவனியாபுரத்தில் சித்திரை மாதத்து மாலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் சுடும். வெயில் உச்சத்தைத் தாண்டி ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். மொட்டைமாடித் தொட்டி மட்டும் அப்போதுதான் தன் உச்சத்தைத் தொடும். இந்தத் தாமதத்தைக் கணக்கிட ஒரே ஒரு முதல்வரிசை வகைக்கெழுச் சமன்பாடு போதும்:

τ y′ + y = f(t)

இதில் y தண்ணீரின் வெப்பநிலை. f என்பது காற்றின் சூட்டையும் வெயிலின் சூட்டையும் சேர்த்துத் தொட்டி உணரும் வெளிவெப்பநிலை. τ தொட்டியின் மந்தம். 500 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 21 லட்சம் ஜூல் வேண்டும். உள்ளும் வெளியும் ஒரு டிகிரி வேறுபட்டால், அந்த அளவுத் தொட்டியின் சுவர் வழியே நொடிக்குச் சுமார் 48 ஜூல் கடக்கும் என்று கொள்ளலாம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் τ சுமார் 12 மணி நேரம்.

இந்தச் சமன்பாட்டைத் தீர்க்கக் கல்லூரியில் இரண்டு வழிகள் கற்றுத் தரப்படுகின்றன. பெரும்பாலும் அவை தனித்தனிப் பாடங்களாக வருவதால், இரண்டையும் ஒரே கணக்கில் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு மாணவருக்குக் கிடைப்பதில்லை. வைத்துப் பார்த்தால்தான் ஒவ்வொன்றும் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது புரியும்.

முதல் வழி, தொகையீட்டுக் காரணி. இருபுறமும் e^(t/τ) ஆல் பெருக்கினால் இடப்பக்கம் ஒரே பெருக்கலின் வகைக்கெழுவாகிவிடும். தொடக்க நேரம் t₀ முதல் தொகையிட்டால்:

y(t) = y(t₀) e^(−(t−t₀)/τ) + (1/τ) ∫ e^(−(t−s)/τ) f(s) ds

தொட்டி கடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கிறது, அந்த நினைவு மெல்லத் தேய்கிறது என்பதை இந்த வரி அப்படியே சொல்கிறது. 12 மணி நேரத்துக்கு முந்தைய வெயிலின் எடை இப்போதைய வெயிலின் எடையில் 37 சதவீதம்தான். தொடக்க வெப்பநிலையும் தீர்வுக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் f மாறும்போதெல்லாம் தொகையீட்டைப் புதிதாகப் போட வேண்டும்.

இரண்டாவது வழி ஃபூரியர் உருமாற்றம். ஒரு சார்பை e^(−iωt) ஆல் பெருக்கி எல்லா நேரத்துக்கும் தொகையிட்டால் கிடைப்பது F(ω). வகைக்கெழுவுக்கும் இதையே செய்து, பகுதித் தொகையிடலைப் பயன்படுத்துவோம்:

∫ f′ e^(−iωt) dt = [ f e^(−iωt) ] + iω ∫ f e^(−iωt) dt

சார்பு இரு முனைகளிலும் பூச்சியமாகத் தேய்ந்தால் அடைப்புக்குள் இருப்பது மறைந்துவிடும். மிஞ்சுவது iωF(ω). வகையிடல் என்ற செயல் வெறும் பெருக்கலாகிவிட்டது. நம் சமன்பாடும் (1 + iωτ) Y = F என்ற இயற்கணிதமாகச் சுருங்குகிறது:

Y(ω) = F(ω) / (1 + iωτ)

நாள்தோறும் திரும்பி வரும் வெயில் எந்த முனையிலும் தேய்வதில்லையே என்று ஒருவர் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அத்தகைய அலைகளின் உருமாற்றம் டெல்டா சார்புகளாக அமையும். உருமாற்றத்தின் பொருளை அவ்வாறு விரித்துக்கொண்டாலும் iω விதி நிற்கிறது.

இனி எண்கள். வெளிவெப்பநிலையின் சராசரி 36 டிகிரி, வீச்சு 12 டிகிரி, உச்சம் பிற்பகல் ஒரு மணி என்று கொள்வோம். ஒரு நாள் அலைக்கு ωτ = 2π × 12 ÷ 24 = π. வகுக்கும் கலப்பெண் 1 + iπ. அதன் அளவு 3.3, கோணம் சுமார் 72.3 டிகிரி. ஆகவே வீச்சு 12-இலிருந்து 3.6 டிகிரியாகக் குறைகிறது. 72.3 டிகிரி என்பது 24 மணி நேரத்தில் 4 மணி 49 நிமிடம். தொட்டியின் உச்சம் மாலை 5:49-க்கு, 39.6 டிகிரி. இந்த விடைக்குத் தொகையீடு ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

இதே வகுத்தலில் வேறு கேள்விகளுக்கும் விடை இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேகம் வந்து போனால்? அங்கே ωτ சுமார் 226. மேகத்தின் விளைவு இருநூறில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது, தண்ணீருக்கு அது தெரியவே தெரியாது. மார்கழிக்கும் சித்திரைக்கும் உள்ள ஆண்டு ஏற்றத்தாழ்வு? ωτ நூறில் ஒன்றைக் கூட எட்டாது. அது குறையாமல் அப்படியே உள்ளே இறங்கும், ஏறத்தாழ அரை நாள் தாமதத்துடன். தொட்டி எதை வடிகட்டுகிறது, எதை விட்டுவைக்கிறது என்பதை முதல் வழியின் தொகையீட்டைப் பார்த்து இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது.

ஆனால் அதிர்வெண் வழியில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 28 டிகிரித் தண்ணீரை நிரப்பினோம் என்பது அந்த விடையில் எங்கே? எங்கும் இல்லை. f = 0 ஆக இருக்கும்போது கிடைக்கும் e^(−t/τ) என்ற தீர்வு, நேரத்தில் பின்னோக்கிப் போகப் போக எல்லையின்றி வளரும். அதற்கு ஃபூரியர் உருமாற்றமே கிடையாது. எனவே அந்தத் தீர்வு கணக்கிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுகிறது. தவறைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும்: விடையில் தொடக்க நேரத்தை இட்டுப் பாருங்கள். நம் அலை காலை ஆறு மணிக்கு 32.4 டிகிரி என்கிறது. தொட்டியில் இருந்தது 28.

இந்த 4.4 டிகிரிக் குறையை e^(−(t−6)/12) ஆல் பெருக்கிச் சேர்த்தால் கணக்கு சரியாகும். அன்று மாலை ஆறு மணிக்கு 1.6 டிகிரி குறைவு, தண்ணீர் 38.0 டிகிரி. மறுநாள் மாலை அந்தக் குறை 0.2 டிகிரிதான். அதிர்வெண் வழியிலேயே இதைச் செய்யவும் இடமுண்டு. திடீரென்று நிரப்பியதால் y ஒரு தாவல் தாவுகிறது. தாவலின் வகைக்கெழு ஒரு டெல்டா. அதை வலப்பக்கத்தில் கூடுதல் உள்ளீடாகச் சேர்த்தால் e^(−t/τ) திரும்ப வந்துவிடும். தாவல் உள்ள சார்புக்கு, தாவலைக் கணக்கில் சேர்க்காமல் iω விதியைப் போடுவதுதான் இங்கே நேரும் பிழைகளில் முதன்மையானது.

இன்னொரு எல்லை இதைவிடக் கடினமானது. குளியல், சமையல், துவையல் என்று பகலில் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். அதோடு τ-வும் மாறும். மாறும் τ-வை y′-ஆல் பெருக்கினால், அதிர்வெண் பக்கத்தில் அது சுருள் தொகையீடாக விரிந்து, எல்லா அதிர்வெண்களும் ஒன்றோடொன்று கலந்துவிடும். வகுத்து முடிக்கும் வசதி அங்கே இல்லை. தொகையீட்டுக் காரணிக்கோ t/τ இருந்த இடத்தில் ∫dt/τ(t) வந்தால் போதும். முறை அப்படியே நிற்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. தொட்டி நிரம்பி நின்று, பல நாள் வெயில் ஒரே தாளத்தில் அடிக்கும்போது அதிர்வெண் வழியை எடுங்கள். நிரப்பிய முதல் நாளுக்கும், தண்ணீர் குறையும் தொட்டிக்கும் தொகையீட்டுக் காரணியை எடுங்கள்.

உங்கள் வீட்டுத் தொட்டியின் τ தெரிய வேண்டுமானால், நிரம்பிய தொட்டியில் சில நாள் வெப்பமானியை வைத்து உச்சத்தின் தாமதத்தை அளந்து பாருங்கள். அந்தத் தாமதக் கோணத்தின் டேன்ஜென்ட்டே ωτ: தாமதம் 4 மணி நேரம் என்றால் τ சுமார் 6.6 மணி, 5 மணி நேரம் என்றால் 14 மணிக்குச் சற்று மேல். 1 + iωτ-இன் கோணம் 90 டிகிரியை எட்டாது என்பதால், இந்தச் சமன்பாட்டின்படி நாள் அலையின் தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்ட முடியாது. உங்கள் அளவு தாண்டினால், தொட்டியை ஒற்றை வெப்பநிலையாக எண்ணியதையும் வெயிலின் உச்சமாகக் கொண்ட நேரத்தையும்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.